7805-க்கு எவ்வளவு பெரிய ஹீட் சிங்க் வேண்டும்? மோட்டார் ரூம் பெட்டி ஒன்றை வைத்து முழுக் கணக்கு

தோட்டத்து மோட்டார் ரூமில் மாட்டுகிற ஆட்டோ கண்ட்ரோலர் பெட்டிகளை கோவை, திருப்பூர், ஈரோடு பக்கம் நிறையப் பேர் சின்ன அளவில் செய்கிறார்கள். தொட்டி நிறைந்தால் மோட்டாரை நிறுத்தும், கிணற்றில் தண்ணீர் இல்லையென்றாலும் நிறுத்தும், அவ்வளவுதான் அதன் வேலை. புதிதாக இதைச் செய்கிறவர்கள் தடுமாறுவது புரோகிராமில் அல்ல, 5 வோல்ட் கொடுக்கிற 7805 ரெகுலேட்டரில். பட்டறை மேஜையில் நாள் முழுக்க ஓடுகிறது, தோட்டத்தில் மாட்டியதும் மத்தியானம் ரெண்டு மணிக்கு மேல் தானாக ரீசெட் ஆகிறது. "அண்ணா, சிங்க் மாட்டியிருக்குதுங்க, அப்புறமும் எதுக்குங்க கட்டாகுது?" என்று கேட்கிறார்கள். மாட்டியிருப்பது என்னவோ சிங்க்தான், ஆனால் அது எத்தனை வாட்டைத் தாங்கும் என்று யாரும் கணக்குப் போட்டிருக்க மாட்டார்கள்.

முதலில் சிங்க் வாங்கிவிட்டு அப்புறம் தொட்டுப் பார்ப்பதுதான் எல்லாரும் செய்கிற தவறு. சிங்க்கின் அளவு கணக்கின் கடைசி வரியில்தான் கிடைக்கும். அதற்கு முன்னால் கரண்ட், வோல்டேஜ், வாட், பெட்டிக்குள் இருக்கும் சூடு, இந்த வரிசையில் நான்கு எண்கள் கையில் இருக்க வேண்டும்.

## 1. தொடங்கும் முன் எடுத்து வைக்க வேண்டியவை

ஒரு மல்டிமீட்டர், கம்பி முனை உள்ள தெர்மோகப்பிள் மீட்டர், உங்கள் ரெகுலேட்டரின் டேட்டாஷீட், இந்த மூன்றும் போதும். துப்பாக்கி மாதிரி இருக்கும் இன்ஃப்ராரெட் மீட்டரை இந்த வேலைக்கு நம்ப வேண்டாம். பளபளப்பான அலுமினியத்தில் அது உண்மையைவிடக் குறைவாகவே காட்டும். வேறு வழி இல்லையென்றால் அலுமினியத்தின் மேல் ஒரு துண்டு கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டி, டேப்பைப் பார்த்து அளக்கலாம்.

டேட்டாஷீட்டில் மூன்று எண்களைத் தேடுங்கள். உள்ளே இருக்கும் சிலிக்கான் சில்லு போகக்கூடிய அதிகபட்ச சூடு, 7805-க்கு 125 டிகிரி. சில்லிலிருந்து உலோக முதுகு வரைக்குமான வெப்பத்தடை, `RθJC` என்று போட்டிருப்பார்கள். சிங்க் இல்லாமல் சில்லிலிருந்து காற்று வரைக்குமான வெப்பத்தடை, அது `RθJA`. டிஓ-220 உடம்பில் வரும் 7805-க்கு இவை கம்பெனிக்குக் கம்பெனி கொஞ்சம் மாறும். இந்தக் கணக்கில் நான் வாட்டுக்கு 5 டிகிரி, 65 டிகிரி என்று எடுத்துக்கொள்கிறேன்.

வெப்பத்தடை என்பதைப் புதிதாக மனப்பாடம் செய்ய ஒன்றுமில்லை, ஓம்ஸ் விதிதான். கரண்ட் இடத்தில் வாட்டைப் போடுங்கள், வோல்டேஜ் இடத்தில் டிகிரி வித்தியாசத்தைப் போடுங்கள். வாட்டுக்கு 5 டிகிரி தடை என்றால், 2 வாட் அதன் வழியே போகும்போது இரண்டு முனைக்கும் நடுவே 10 டிகிரி வித்தியாசம் இருக்கும். சில்லிலிருந்து முதுகு, முதுகிலிருந்து சிங்க், சிங்க்கிலிருந்து காற்று, இந்த மூன்றும் வரிசையாக மாட்டிய ரெசிஸ்டர்கள் மாதிரி கூடிக்கொண்டே போகும்.

## 2. கரண்டை ரிலே ஓடும்போது அளக்கவும்

ரெகுலேட்டர் எவ்வளவு கரண்ட் தள்ளுகிறது என்று முதலில் தெரிய வேண்டும். பார்ட்களின் டேட்டாஷீட்டைப் பார்த்துக் கூட்ட வேண்டாம், நேராக அளந்துவிடுங்கள். மீட்டரை 5 வோல்ட் பக்கம் வைத்தால் மீட்டரிலேயே கொஞ்சம் வோல்டேஜ் விழுந்து போர்டு ரீசெட் ஆகலாம். அதனால் பெரிய கெப்பாசிட்டருக்கும் ரெகுலேட்டரின் இன்புட் காலுக்கும் நடுவில் வைக்கிறதுதான் சௌகரியம். அங்கே கொஞ்சம் வோல்டேஜ் விழுந்தாலும் ரெகுலேட்டர் அதைச் சமாளித்துவிடும்.

எந்த நிலையில் அளக்கிறோம் என்பதில்தான் கோட்டை விடுகிறார்கள். பெட்டியை ஆன் செய்து, டிஸ்ப்ளே வந்ததும் அளந்துவிடுகிறார்கள். அப்போது ரிலே எடுத்திருக்காது. நம் பெட்டியில் இரண்டு 5 வோல்ட் ரிலே இருக்கிறது, ஒவ்வொரு காயிலும் ஏறக்குறைய 70 மில்லிஆம்பியர். ரிலே இல்லாமல் 260 மில்லிஆம்பியர் காட்டிய அதே போர்டு, இரண்டு ரிலேயும் எடுத்ததும் 400 காட்டும். மோட்டார் ஐந்தாறு மணி நேரம் விடாமல் ஓடும்போது ரிலேவும் அவ்வளவு நேரம் எடுத்தபடியேதான் இருக்கும் என்பதால், கணக்குக்கு 400-தான்.

## 3. இன்புட் வோல்டேஜை ராத்திரிக்குத் தகுந்த மாதிரி ஏற்றவும்

இந்தப் பெட்டியில் 12 வோல்ட் செகண்டரி உள்ள ட்ரான்ஸ்ஃபார்மர், பிரிட்ஜ், 2200 மைக்ரோஃபேரட் கெப்பாசிட்டர், அதற்கப்புறம் 7805. "12 வோல்ட்தானே, 12-லிருந்து 5-ஐக் கழித்தால் 7" என்று போடுவது இரண்டாவது பெரிய தவறு. 12 வோல்ட் ஏசியின் உச்சம் 17 வோல்ட். பிரிட்ஜில் இரண்டு டயோடுக்கு 1.4 போனாலும் கெப்பாசிட்டரில் 15-க்கு மேல் ஏறி நிற்கும், லோடு போட்டதும் கொஞ்சம் இறங்கும். மீட்டரை டிசியில் வைத்து ரெகுலேட்டரின் இன்புட் காலுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே அளந்தால், லைனில் 230 இருக்கும்போது, ரிலே எடுத்த நிலையில், 14.2 வோல்ட் வருகிறது.

இதோடு நிறுத்திவிடக் கூடாது. ஒரே ஈபி ட்ரான்ஸ்ஃபார்மரில் இருக்கிற தோட்டங்களில் எல்லாரும் மோட்டார் போட்டிருக்கும்போது லைன் இறங்கும், ராத்திரி எல்லாரும் நிறுத்தியதும் ஏறும். 230-க்கு மேல் 10 சதவீதம், அதாவது 253 வரை வரும் என்று வைத்துக் கணக்குப் போடுவது நல்லது. டயோடு வோல்டேஜைக் கூட்டி, 1.1-ஆல் பெருக்கி, திரும்பக் கழியுங்கள்:

```
Vin = (14.2 + 1.4) × 1.1 - 1.4 ≈ 15.8 V
```

16 என்றே வைத்துக்கொள்வோம்.

## 4. வீணாகும் வாட்

லீனியர் ரெகுலேட்டர் மிச்சமுள்ள வோல்டேஜை முழுக்கச் சூடாக்கித்தான் தள்ளும், வேறு வழி அதற்குத் தெரியாது. லோடுக்குப் போகிற அதே கரண்ட் அதன் வழியாகவும் போகிறது. அதோடு ரெகுலேட்டர் தன் சொந்தச் செலவுக்கு 6 மில்லிஆம்பியர் மாதிரி எடுத்துக்கொள்ளும், அதையும் சேர்த்துக்கொள்வோம்.

```
P = (16 - 5) × 0.4 + 16 × 0.006
  ≈ 4.5 W
```

போர்டுக்குப் போய்ச் சேருவது 2 வாட், சூடாகப் போவது 4.5 வாட். இந்த எண்ணைப் பார்த்ததும் நிறையப் பேருக்கு நம்பிக்கை வராது, 7805 ஒரு ஆம்பியர் தாங்குமே என்பார்கள். ஒரு ஆம்பியர் கொடுக்கும்தான், ஆனால் அந்தச் சூட்டை யாராவது வெளியே எடுத்துக்கொண்டு போனால்தான் கொடுக்கும்.

சிங்க்கே இல்லாமல் ஓடுமா என்பதையும் இங்கேயே பார்த்துவிடலாம். 4.5-ஐ 65-ஆல் பெருக்கினால் 290 டிகிரிக்கு மேல் ஏற வேண்டும். அவ்வளவு ஏறாது, அதற்கு முன்னாலேயே உள்ளே இருக்கும் வெப்பப் பாதுகாப்பு ரெகுலேட்டரை நிறுத்திவிடும்.

## 5. பெட்டிக்குள் இருக்கும் காற்றின் சூடு

இந்த எண்ணைத்தான் யாரும் அளப்பதில்லை. கணக்கில் 25 டிகிரி என்று போட்டுவிடுவார்கள், ஏனென்றால் டேட்டாஷீட்டில் அப்படித்தான் இருக்கும். நம் ஊரில் சித்திரை மாதத்தில் 25 டிகிரி எங்கே இருக்கிறது? கரூர், ஈரோடு பக்கம் நிழலிலேயே 40 தொடும். பெட்டி தகரம், மாட்டியிருப்பது மேற்குப் பார்த்த சுவர், உள்ளே ட்ரான்ஸ்ஃபார்மரும் ரிலேவும் தங்கள் பங்குக்குச் சூடு கொடுக்கின்றன.

பெட்டியைச் சாத்தி, எல்லாம் ஓடுகிற நிலையில், மத்தியானம் இரண்டிலிருந்து நான்கு மணிக்குள் அளக்க வேண்டும். தெர்மோகப்பிள் முனை சிங்க்குக்கு இரண்டு இன்ச் கீழே, எதையும் தொடாமல் காற்றில் தொங்க வேண்டும். சிங்க்குக்கு மேலே வைத்தால் அது சூடாக்கி அனுப்பிய காற்றை அளப்பீர்கள், நமக்கு வேண்டியது அதற்குள் போகிற காற்று. வெளியே நிழலில் 39 இருந்தபோது இந்த மாதிரிப் பெட்டிக்குள் 55 இருக்கிறது. அளக்க வழியில்லாதவர்கள் வெளி நிழல் சூட்டோடு 15 டிகிரி கூட்டிக்கொள்ளுங்கள், பெட்டியின் மேல் நேர் வெயில் விழுந்தால் அதுவும் போதாது.

மத்தியானச் சூடும் லைன் ஏறுவதும் ஒரே நேரத்தில் வராது, எதற்கு இரண்டையும் சேர்க்க வேண்டும் என்று கேட்கலாம். வரும். கோடை மத்தியானத்தில் பக்கத்துத் தோட்டக்காரர்கள் நான்கு பேர் மோட்டாரை நிறுத்தினால் போதும், லைன் ஏறிவிடும்.

## 6. டிகிரியைப் பங்கு பிரித்தல்

125 வரை போகலாம் என்பதற்காக 125-க்குக் கணக்குப் போட வேண்டாம். 110-ல் நிறுத்துவோம். சிங்க்கில் தூசி படியும், பேஸ்ட் காயும், அந்த 15 டிகிரி அதற்காக. இப்போது மேலே 110, கீழே 55, நடுவில் நமக்குக் கிடைப்பது 55 டிகிரி.

```
மொத்தத் தடை = 55 / 4.5 ≈ 12.2 °C/W
சில்லு - முதுகு        = 5
முதுகு - சிங்க் (பேஸ்ட்) = 0.5
சிங்க்குக்கு மிச்சம்     ≈ 6.7 °C/W
```

சிங்க்கின் வெப்பத்தடை வாட்டுக்கு 6.7 டிகிரி அல்லது அதற்குக் கீழே இருக்க வேண்டும். எண் சின்னதாக ஆக ஆக சிங்க் பெரிதாகும், இதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டு 20 என்று போட்ட சிங்க்கை "நல்ல பெருசு" என்று வாங்கி வருகிறவர்கள் உண்டு.

கரண்ட் சிங்க்குக்குப் போகாமலிருக்க நடுவே மைக்கா வைத்தால் 0.5 இருக்கிற இடத்தில் 1-க்கு மேல் போட வேண்டும், சிங்க்குக்கான பங்கு அந்த அளவுக்குக் குறையும். காற்று 25 டிகிரி என்று போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்றும் பாருங்கள். கிடைப்பது 85 டிகிரி, சிங்க்குக்கு 13-க்கு மேல் மிச்சம். அதாவது வேண்டியதில் பாதி திறன் உள்ள சிங்க் போதும் என்று கணக்கு சொல்லும். பட்டறையில் அது ஓடவும் ஓடும்.

## 7. எண் போடாத சிங்க்கை அளந்து வாங்குதல்

7805-ன் முதுகில் கிளிப் மாதிரி மாட்டுகிற சின்ன யு வடிவ சிங்க்குகளின் வெப்பத்தடை 20-க்கு மேல் இருக்கும், இந்தப் பெட்டிக்கு அவை எதுவும் ஆகாது. பத்துக்குப் பத்து சென்டிமீட்டர் வெறும் அலுமினியத் தகடு, நெட்டுக்குத்தாக நின்று இரண்டு பக்கமும் காற்று பட்டால் ஏறக்குறைய 7, 8 என்று வரும், அதுவும் போதாது. வேண்டியது துடுப்புகள் உள்ள கொஞ்சம் கனமான சிங்க்.

கடையில் எடைக்கு வெட்டிக் கொடுக்கிற சிங்க்கில் எண் எதுவும் இருக்காது. ஒன்றை வாங்கி வந்து நாமே அளந்துவிடலாம். அதில் ஒரு 7805-ஐ பேஸ்ட் போட்டு முடுக்குங்கள். இன்புட்டில் 12 வோல்ட் டிசி கொடுத்து, அவுட்புட்டில் 10 ஓம், 5 வாட் ரெசிஸ்டரைக் கொஞ்சம் தள்ளி மாட்டுங்கள், அதன் சூடு சிங்க்கைத் தொடக் கூடாது. கரண்ட் அரை ஆம்பியர், ரெகுலேட்டரில் விழுவது 3.6 வாட். துடுப்புகள் நெட்டுக்குத்தாக இருக்கும்படி நிறுத்தி, ஃபேனை நிறுத்தி, அரை மணி நேரம் விடுங்கள். எண் ஏறாமல் நின்ற பிறகு, ரெகுலேட்டருக்குப் பக்கத்தில் சிங்க்கின் சூட்டை அளந்து அறையின் சூட்டைக் கழியுங்கள்.

25 டிகிரி ஏறியிருந்தால் 25-ஐ 3.6-ஆல் வகுக்க 7 வருகிறது, வேண்டாம். 21, 22 டிகிரிதான் ஏறியது என்றால் சுமார் 6, இது நமக்கு ஆகும். நாம் உண்மையில் போடப்போகிற வாட்டுக்குப் பக்கத்தில் வைத்து இந்தச் சோதனையைச் செய்ய வேண்டும். சிங்க் சூடாக ஆகக் காற்றோட்டம் கூடும் என்பதால், அரை வாட்டில் அளந்தால் எண் உண்மையைவிட மோசமாகத் தெரியும்.

## 8. சிங்க் பெட்டியில் பிடிக்கவில்லை என்றால் வாட்டைக் குறைக்கவும்

பெரிய சிங்க் தேடி அலைவதைவிட இது நல்ல வழி என்பது என் எண்ணம். ட்ரான்ஸ்ஃபார்மரை 12-லிருந்து 9 வோல்ட்டுக்கு மாற்றினால், லைன் 253 இருக்கும்போதும் இன்புட் 12 வோல்ட் அளவில்தான் நிற்கும். வாட் 2.9-க்கு இறங்கும், சிங்க் 13 இருந்தாலே போதும், அதாவது ஏறக்குறைய பாதி அளவு.

ஆனால் மறுபக்கத்தையும் பார்த்துவிட வேண்டும். 7805-க்கு இன்புட் எந்த நொடியிலும் 7 வோல்ட்டுக்குக் கீழே போகக் கூடாது. லைன் 180-க்கு இறங்கினால் 9 வோல்ட் ட்ரான்ஸ்ஃபார்மரில் கெப்பாசிட்டரின் உச்சம் 8.5 வோல்ட்தான். 2200 மைக்ரோஃபேரடில் 0.4 ஆம்பியருக்கு ரிப்பிள் 1.8 வரை வரும், பள்ளம் 6.7-க்குப் போய்விடும், போர்டு ரீசெட் ஆகும். கெப்பாசிட்டரை 3300 ஆக்கினால் பள்ளம் 7.3-ல் நிற்கும். ட்ரான்ஸ்ஃபார்மரை மாற்றும்போது கெப்பாசிட்டரையும் சேர்த்து மாற்றச் சொல்வது இதனால்தான். உங்கள் தோட்டத்தில் லைன் 180-க்கும் கீழே போகுமென்றால் 9 வோல்ட் வேண்டாம்.

அப்படிப்பட்ட இடத்தில் 12 வோல்ட்டையே வைத்துக்கொண்டு, கெப்பாசிட்டருக்கும் ரெகுலேட்டருக்கும் நடுவே 5.6 ஓம், 3 வாட் ரெசிஸ்டர் போடலாம். 0.9 வாட்டை அது வாங்கிக்கொள்ளும், ரெகுலேட்டருக்கு 3.6 வாட், சிங்க்குக்கு 9.8 கிடைக்கும். ரெசிஸ்டருக்கு அப்புறம் ரெகுலேட்டரின் காலுக்குப் பக்கத்திலேயே 0.33 மைக்ரோஃபேரட் கெப்பாசிட்டர் இருக்க வேண்டும், இல்லையென்றால் ரெகுலேட்டர் ஆஸிலேட் ஆகலாம். ஒன்று ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், ரெசிஸ்டர் சூட்டை இடம் மாற்றுகிறதே தவிரக் குறைக்கவில்லை, பெட்டிக்குள் இருக்கும் 55 டிகிரி அப்படியேதான் இருக்கும். ட்ரான்ஸ்ஃபார்மரை மாற்றினால்தான் அதுவும் கொஞ்சம் இறங்கும்.

## 9. மாட்டும் வரிசை

முதலில் சிங்க்கில் ஸ்க்ரூ, அப்புறம்தான் போர்டில் சால்டரிங். மாற்றிச் செய்தால் ஸ்க்ரூ முடுக்கும்போது கால்கள் இழுபடும், முதுகும் சமமாக உட்காராது.

சிங்க்கில் துளை போட்டால் விளிம்பில் பிசிறு நிற்கும். பெரிய ட்ரில் பிட்டைக் கையால் இரண்டு சுற்றுச் சுற்றினால் போய்விடும், விட்டால் ரெகுலேட்டர் அந்தப் பிசிறின் மேல்தான் உட்காரும். பேஸ்ட் மெல்லிசாக, அடியில் இருக்கும் உலோகம் லேசாகத் தெரிகிற அளவுக்குப் போதும். அது இடுக்கில் இருக்கும் காற்றை விரட்டத்தான். கெட்டியாக அப்பினால் பேஸ்ட்டே தடையாகிவிடும். ஸ்க்ரூவை வாஷர் போட்டு அளவாக முடுக்குங்கள், பலத்தைக் காட்டினால் துளைப் பக்கம் அமுங்கி, சில்லு இருக்கிற பக்கம் தூக்கிக்கொள்ளும்.

7805-ன் முதுகு கிரவுண்ட் என்பதால் பெரும்பாலும் மைக்கா தேவையில்லை. எல்எம் 317-ன் முதுகு அவுட்புட், 7905-ன் முதுகு இன்புட், அவற்றை 7805-ஓடு ஒரே சிங்க்கில் போட்டால் மைக்காவும் பிளாஸ்டிக் புஷ்ஷும் கட்டாயம். ட்ரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் கெப்பாசிட்டர் வழியாக லைனிலிருந்து நேராக எடுக்கிற சப்ளையில் கிரவுண்டே லைனோடு சேர்ந்திருக்கும், அங்கே சிங்க்கைத் தொட்டால் ஷாக் அடிக்கும். இந்தக் கணக்கும் இந்தச் சோதனைகளும் ட்ரான்ஸ்ஃபார்மர் உள்ள பெட்டிக்கு மட்டும்தான்.

பெரிய எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டரை சிங்க்கை ஒட்டி வைக்காதீர்கள், குறிப்பாக அதற்கு நேர் மேலே. 10 டிகிரி கூடினால் அதன் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும்.

## 10. அளந்து சரிபார்த்தல்

மாட்டியதும் பட்டறையிலேயே சரிபார்த்துவிடலாம், தோட்டத்துக்குப் போக வேண்டியதில்லை. பெட்டிக்குள் காற்று 30 டிகிரி, லைன் 230 என்றால் இன்புட் 14.2, வாட் 3.8. சிங்க்கும் பேஸ்ட்டும் சேர்த்து 6.5, ஏறுவது 25 டிகிரி. ரெகுலேட்டரின் உலோக முதுகு 55 டிகிரி காட்ட வேண்டும். தெர்மோகப்பிளை முதுகில், ஸ்க்ரூவுக்குப் பக்கத்தில் ஒட்டி அரை மணி நேரம் கழித்துப் பாருங்கள்.

முதுகு 70 காட்டுகிறது, ஆனால் பக்கத்திலேயே சிங்க் 50-தான் இருக்கிறது என்றால் உட்கார்ந்த விதம் சரியில்லை, பிசிறையும் பேஸ்ட்டையும் பாருங்கள். இரண்டுமே 70 என்றால் சிங்க் சின்னது, அல்லது துடுப்புகள் படுக்கையாக இருந்து காற்று மேலே போக வழியில்லை. விரலால் தொட்டுப் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். 60 டிகிரியிலேயே விரலை எடுத்துவிடுவோம், ஆனால் நம் பெட்டி மத்தியானத்தில் முதுகு 84 இருக்கும்போதும் ஒழுங்காக ஓட வேண்டியது. உள்ளே இருக்கும் சில்லின் சூடு, முதுகின் சூட்டோடு வாட்டை 5-ஆல் பெருக்கிக் கூட்டினால் வரும், 84-க்கு அது 107.

தோட்டத்தில் ரீசெட் ஆகிற பெட்டியைப் பார்க்கப் போனால், காரணம் சூடா அல்லது லைன் இறங்கியதா என்று பிரித்துப் பார்க்க வேண்டும், இரண்டும் வெளியிலிருந்து ஒரே மாதிரித் தெரியும். ஒரு மீட்டரை இன்புட்டிலும் இன்னொன்றை அவுட்புட்டிலும் மாட்டிவிட்டு ரிலே விழும் வரை காத்திருங்கள். அவுட்புட் 5-லிருந்து விழும்போது இன்புட் ஏறினால் அது சூடு: ரெகுலேட்டர் நிறுத்தியதால் லோடு போய், கெப்பாசிட்டர் ஏறுகிறது. கொஞ்சம் ஆறியதும் தானாக வரும், திரும்ப நிற்கும். இன்புட்டும் கூடவே 8, 7 என்று இறங்கினால் அது லைன், அதற்கு சிங்க்கை மாற்றி ஒரு பயனும் இல்லை.

பல்லடம், சோமனூர் பக்கம் விசைத்தறிக் கூடத்தில் மாட்டுகிற பெட்டிகளுக்கு இன்னொரு சேர்க்கை உண்டு. பஞ்சுத் தூசி துடுப்புகளுக்கு நடுவே மெத்தை மாதிரி அடைத்துவிடும், அப்புறம் சிங்க் இருந்தும் இல்லாத கணக்குதான். அங்கே நெருக்கமான துடுப்புகளை விட்டுவிட்டு, அகலமான இடைவெளி உள்ள சிங்க்கையோ, கொஞ்சம் பெரிய வெறும் தகட்டையோ எடுங்கள், பெயிண்ட் பிரஷ்ஷால் தட்டிவிட முடிகிற மாதிரி இருக்க வேண்டும்.